அறக்கட்டளைக்குக் குறைத்த விலை ஊர் விலையாகிவிடும் தவறுகள்

நூல்களுக்கும் மலர்களுக்கும் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு 32 பக்க ஆண்டறிக்கை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். அப்போது என் விலை பக்கத்துக்கு 600 ரூபாய். கணக்குப்படி 19,200 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கான வேலையாயிற்றே என்று, "எட்டாயிரம் கொடுங்கள், போதும்" என வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, பில்லிலும் "ஆண்டறிக்கை வடிவமைப்பு: ரூ.8,000" என்று ஒரே வரியில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்த அறக்கட்டளையின் அறங்காவலர் ஒருவர், தாம் நடத்தும் தனியார் பள்ளியின் ஆண்டு மலருக்காக என்னை அழைத்தார். நான் விலை சொன்னதும், "பக்கத்துக்கு 250 ரூபாய்தானே வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் பார்த்த பில் அப்படித்தான் சொன்னது.

சிறிய அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊரின் மருத்துவர்கள், கடைக்காரர்கள், பள்ளி நடத்துபவர்கள்; அதாவது நாளை நம்மிடம் முழு விலைக்கு வேலை கொடுக்கக்கூடியவர்கள். செலவுக்கு ஒப்புதல் தருபவர்களும் அவர்களே என்பதால், நம் பில் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. போதாததற்கு, அது கோப்பில் தங்கி, அடுத்த ஆண்டு புதிதாக வரும் ஒருங்கிணைப்பாளருக்கு "சென்ற ஆண்டு விலை"யாகக் கிடைக்கும். நாம் காட்டிய பரிவு அந்தக் கோப்பில் இருக்காது. எண் மட்டுமே இருக்கும்.

ஆகவே, குறைத்த தொகையை மட்டும் எழுதுவதே முதல் தவறு. அதே வேலையை இன்று நான் செய்தால், விலைப்புள்ளியிலும் பில்லிலும் முதல் வரியில் 32 பக்கம், பக்கத்துக்கு 600 வீதம் 19,200 ரூபாய் என்று எழுதுவேன். அடுத்த வரியில் "சிறு அறக்கட்டளைகளுக்கான சலுகை, 40 விழுக்காடு" என்று 7,680 ரூபாயைக் கழித்து, மூன்றாம் வரியில் 11,520 ரூபாயைக் காட்டுவேன். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இதில் நட்டமில்லை, ஏனெனில் பில்லிலேயே காட்டப்பட்ட தள்ளுபடியைக் கழித்த தொகைக்குத்தான் வரி. 18 விழுக்காடு என்றால் 2,073 ரூபாய் 60 காசு. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறக்கட்டளை என்பதற்காக அதற்கு நாம் செய்யும் வேலைக்கு வரிவிலக்கு வந்துவிடாது; ஜிஎஸ்டி பதிவு இல்லாத அறக்கட்டளையால் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. அவர்களுக்கு உண்மையான செலவு ஏறத்தாழ 13,594 ரூபாய். 11,520 என்று பேசிவிட்டுக் கடைசியில் இந்தத் தொகையை நீட்டினால், சலுகை கொடுத்தவரே ஏமாற்றியவர்போலத் தோன்றுவார்.

இரண்டாவது தவறு, "என்ஜிஓ" என்ற சொல்லைக் கேட்டவுடன் விலையைக் குறைப்பது. இந்தச் சொல்லுக்குள் ஒற்றை அறையில் இயங்கும் நூலகமும் இருக்கிறது, பல மாவட்டங்களில் சம்பள ஊழியர்களோடு இயங்கும் பெரிய நிறுவனமும் இருக்கிறது. ஆண்டு வரவு எவ்வளவு என்று கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கும்; அதைவிட எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருப்பது, "இந்த வேலைக்கு நிதி தருபவரிடமிருந்து தனியே தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா?" என்ற கேள்வி. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வரும் திட்டத்தில் அச்சுக்கும் வடிவமைப்புக்கும் ஏற்கெனவே தொகை எழுதப்பட்டிருந்தால், நாம் குறைக்கும் பணம் பிள்ளைகளுக்குப் போகும் என்பதற்கு உறுதியில்லை. பல வேளைகளில் அது வேறொரு தலைப்பில் செலவாகும், அல்லது நிதி கொடுத்தவருக்கே திரும்பும். அத்தகைய வேலைக்கு முழு விலையே முறை. இடையில் அச்சகமோ விளம்பர நிறுவனமோ நின்று வேலையை வாங்கித் தந்தாலும் அப்படியே: அவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டதைப் பார்க்காமல் நாம் மட்டும் குறைப்பதில் பொருளில்லை.

தள்ளுபடியின் அளவைவிட, வேலையின் எல்லையை எழுதாமல் விடுவதுதான் அதிகப் பணத்தைத் தின்கிறது. இந்த மூன்றாவது தவறைப் பலர் கவனிப்பதில்லை. என் கணக்கைச் சொல்கிறேன். வாடகை, மின்சாரம், மென்பொருள் சந்தா, வீட்டின் அடிப்படைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய், காசு பெறும் வேலை நேரம் மாதம் 120 மணி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 250 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகிறது. அந்த ஆண்டறிக்கை 30 மணி நேர வேலை. முழு விலையில் மணிக்கு 640 ரூபாய், 40 விழுக்காடு சலுகையில் 384 ரூபாய், இதுவரை தாங்கும். ஆனால் சிறிய அறக்கட்டளைகளில் புரூஃப் பார்ப்பவர் ஒருவராக இருப்பதில்லை. செயலாளர் திருத்தி அனுப்பிய பிறகு தலைவர் புகைப்படத்தை மாற்றச் சொல்வார், பிறகு கணக்கு அறிக்கையின் புதிய பதிப்பு வரும், அச்சுக்குப் போகும் நாளில் நன்கொடையாளர் பட்டியலில் நான்கு பெயர்கள் கூடும். வேலை 46 மணியைத் தொடும்போது அதே 11,520 ரூபாய் மணிக்கு 250 ரூபாயாகிவிடுகிறது. எனவே இரண்டு சுற்றுத் திருத்தம், எல்லாத் திருத்தங்களும் ஒரே நபர் வழியாக, மூன்றாம் சுற்றிலிருந்து வழக்கமான விலை என்று விலைப்புள்ளியிலேயே எழுத வேண்டும். விலையில் சலுகை தரலாம், சுற்றுகளில் தரக்கூடாது.

இதற்கு மாறாக, முற்றிலும் இலவசமாகச் செய்வது சில நேரங்களில் அரைவிலையைவிடப் பாதுகாப்பானது. இது முரணாகத் தோன்றலாம், ஆனால் பக்கத்துக்கு 250 என்பது ஒரு விலை, அதை வேறொருவர் கேட்கலாம்; இலவசம் யாருக்கும் விலையாகத் தோன்றாது. அப்போதும் வேலையின் மதிப்பைக் குறித்து ஒரு கடிதம் கொடுத்துவைப்பது நல்லது. நான் ஆண்டுக்கு 144 மணி நேரம், அதாவது என் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, சலுகை வேலைக்கும் இலவச வேலைக்கும் சேர்த்து ஒதுக்குகிறேன். அது ஏறத்தாழ நான்கு ஆண்டறிக்கைகளுக்குப் போதும். அது தீர்ந்த பிறகு வருபவரிடம், "இந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிட்டது, ஏப்ரலில் வாருங்கள்" என்று சொல்ல முடிகிறது.

"வேலையை இலவசமாகச் செய்யுங்கள், 80ஜி ரசீது தருகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். இதை நம்பி விலையைக் குறைப்பதும் தவறே. அந்த ரசீதைக் காட்டிப் பெறும் வருமான வரிச்சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான் உண்டு. உழைப்புக்கோ பொருளுக்கோ இல்லை. முழுத் தொகையை வாங்கி அதில் ஒரு பகுதியை நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. வாங்கிய முழுத் தொகையோ நம் வருமானத்தில் சேர்ந்துவிடும்.

கடைசியாக, சலுகைக்கு நாள் குறிக்க வேண்டும். "இந்த நிதியாண்டின் ஆண்டறிக்கைக்கு மட்டும்" என்ற ஒரு வரி இருந்தால், அடுத்த ஆண்டு விலையைக் கூட்டுகிறோம் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. சலுகையைத் தொடரலாமா என்பதே பேச்சாக இருக்கும். அந்த வரியை நான் எழுதத் தொடங்கிய பிறகு, அதே அறக்கட்டளையிலிருந்து இன்னோர் அறங்காவலர் தம் துணிக்கடையின் விலைப்பட்டியலுக்காக வந்தார். பில்லைப் பார்த்திருந்தார். "எங்கள் கடைக்கு அந்த 40 விழுக்காடு கிடையாது, இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, பக்கத்துக்கு 600 என்று அவரே எழுதிக்கொண்டார்.