கோதுமையை நிறுத்தும் முன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள்

"மேடம், ஐந்து மாதமாகச் சப்பாத்தியைத் தொடவே இல்லை. எனக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதா என்று சோதித்துப் பார்க்கலாமா?" இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். உணவு ஆலோசகராக இருபது ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். இதைக் கேட்கும்போது மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என் மீதுதான். குளூட்டன் விஷயத்தில் நாம் தவறுகிற இடங்கள் இவை.

நிறுத்திவிட்டுச் சோதிப்பது

என் தொடக்க காலத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் வந்தார். எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. வயிறு உப்புசம், அடிக்கடி வாய்ப்புண், இரவில் தினமும் சப்பாத்தி. "ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்றேன். மூன்றே வாரத்தில் உப்புசம் போய்விட்டதாக அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு மாதம் கழித்து அவரைப் பார்த்த குடல்நோய் மருத்துவர், சீலியாக் நோயாக இருக்குமோ என்று டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு இயல்பாக வந்தது. என்னை அழைத்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கோதுமையை நிறுத்தச் சொன்னது யார்?"

சீலியாக் நோயில் கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. பரிசோதனை தேடுவது அந்தத் தாக்குதலின்போது உருவாகும் எதிர்ப்பொருளை. குளூட்டன் வராவிட்டால் அது சில மாதங்களில் வடிந்துவிடலாம். எண்டோஸ்கோபியில் எடுக்கும் குடல் திசுவும் மெல்ல ஆறத் தொடங்கும். ஆக, நோய் இருக்கும், அதன் தடயம் இருக்காது. மரபணுப் பரிசோதனையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றாலும் அது 'இல்லை' என்று சொன்னால்தான் பயன். நோயே இல்லாத பலருக்கும் அந்த மரபணுக்கள் உண்டு.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி, மருத்துவர் கண்காணிப்பில் மீண்டும் கோதுமை. தினம் இரண்டு சப்பாத்தி, அதாவது சுமார் 5 கிராம் குளூட்டன், ஆறு வாரம். மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கில் வேலைக்கு விடுப்புப் போட்டார். ஆறாவது வாரம் எதிர்ப்பொருள் பல மடங்கு உயர்ந்திருந்தது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய உறிஞ்சிகள் தட்டையாகிக் கிடந்தன. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதே அந்த இடத்தில்தான். மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் விளங்கியது. முதல் நாளே ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தால் அந்த ஆறு வாரத் துன்பம் தேவைப்பட்டிருக்காது.

கோதுமை சாப்பிட்டதும் தடிப்போ மூச்சுத் திணறலோ வருபவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அது ஒவ்வாமை. அவர்கள் உடனே நிறுத்த வேண்டும், அதற்கான சோதனையும் வேறு.

ஒரே எண்ணை நம்புவது

டி.டி.ஜி.யோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். டி.டி.ஜி. பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் ஐ.ஜி.ஏ. வகையைச் சேர்ந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வகை குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முடிவு இயல்பாகவே வரக்கூடும்.

'நிறுத்தினேன், சரியானது' என்பதைச் சான்றாக எடுப்பது

கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. எரிச்சல் குடல் எனப்படும் ஐ.பி.எஸ். தொந்தரவு உள்ளவர்களுக்கு வயிற்றை ஊத வைப்பது பெரும்பாலும் அதுதான். வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது உண்டு. இவர்கள் அளவைக் குறைத்தாலே போதும். சீலியாக் என்றால் ஒரு துணுக்குக்கூட ஆகாது, ஆயுள் முழுவதும். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். எது என்று தெரியாமல் எவ்வளவு கண்டிப்பாக இருப்பது?

'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட்டில் வாழ்வது

வேண்டாம். இட்லி இருக்கிறது.

ஓட்ஸ்

குளூட்டன் கலக்காதது என்று அச்சிட்ட பொட்டலம் மட்டும், அதுவும் குடல் ஆறிய பிறகு.

சப்பாத்தியை மட்டும் விடுவது

உறுதியான பிறகு உணவை மாற்றுவது நமக்கு அவ்வளவு கடினமில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, பருப்பு எதிலும் குளூட்டன் கிடையாது. மைதா, ரவை, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பதையும், சத்து பானங்களில் கலக்கும் மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருகிறது என்பதையும் சொன்னால் பலர் புரிந்துகொள்கிறார்கள். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

அதே பெண்ணுக்கு ஓராண்டு கழித்தும் எதிர்ப்பொருள் முழுதாக இறங்கவில்லை. சப்பாத்தியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். வீட்டு அலமாரியில் இருப்பதையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கம் 'கோதுமை மாவு' என்று பொடி எழுத்தில் இருந்தது. பிசினோடு மாவு கலந்தே பல நிறுவனங்கள் விற்கின்றன. சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி என்று தினமும் மூன்று வேளை உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது, தெருமுனை மாவு மில். அவருடைய கேழ்வரகு, யாரோ ஒருவரின் கோதுமை அரைபட்ட அதே இயந்திரத்தில் அரைபட்டு வந்துகொண்டிருந்தது.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடிப் பிடித்தார். வீட்டிலேயே அரைக்க ஒரு சிறிய இயந்திரம் வாங்கினார். அடுத்த ஆறு மாதத்தில் எண் இயல்புக்கு வந்தது, ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது.