கடின நீரை மென்மையாக்கும் ரெசின்: 25 லிட்டர் கலனை ஓட்டுவதும் உப்பால் மீட்பதும்

சாஃப்ட்னரில் போடும் உப்புதான் தண்ணீரை மென்மையாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது கலனில் இருக்கும் ரெசின் மணிகள். அரை மில்லிமீட்டர் அளவிலான இந்த மணிகளில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் நிலையாகப் பதிந்திருக்கும். அவற்றில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். கடின நீர் மேலிருந்து இறங்கும்போது, இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியமும் மெக்னீசியமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளிவிடும்.

```
2RNa + Ca²⁺ ⇌ R₂Ca + 2Na⁺
```

இதில் R என்பது ரெசின். இங்கே நடப்பது இடமாற்றம் மட்டும்தான். அதனால் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்காது. கடினத்தன்மைக்கான டெஸ்ட் கிட்தான் வேண்டும்.

படி 1: எவ்வளவு தண்ணீர் வரும்?
கலனில் 25 லிட்டர் ரெசின், தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. (கால்சியம் கார்பனேட் அளவில்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்றால், மொத்தம் 1250 கிராம். அதை 0.4 கிராமால் வகுத்தால் 3125 லிட்டர். நான் 2800 லிட்டரிலேயே நிறுத்திவிடுவேன். கடைசியில் கடினத்தன்மை கசியத் தொடங்கும்.

படி 2: பேக்வாஷ்
கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். இறுகிய ரெசின் படுகை தளர்ந்து, அழுக்கு வெளியேறும். வெளிவரும் நீரில் மணிகள் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

படி 3: உப்புக் கரைசல்
கால்சியத்தை விரும்பிப் பிடித்த ரெசின், சோடியத்துக்காக அதை ஏன் விட வேண்டும்? செறிவுதான் காரணம். மேலே உள்ள சமன்பாட்டின் வலப்பக்கம் சோடியத்தை ஏராளமாகக் குவித்தால் வினை பின்னோக்கித் திரும்பும். கால்சியத்தின் மேல் உள்ள பிடிப்பும் செறிந்த கரைசலில் தளர்ந்துவிடும். அதனால்தான் 10% கரைசல். அதே உப்பை நிறையத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து விட்டால் பெரும்பகுதி வீண்.

லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் வீதம் 3.75 கிலோ உப்பை 34 லிட்டர் நீரில் கரையுங்கள். வினைக்கு மட்டும் ஏறக்குறைய 1.5 கிலோ போதும். மீதி, வினையைத் தள்ளிக்கொண்டு போவதற்கு. கரைசலை அரை மணி நேரத்துக்கு மெதுவாக விடுங்கள். அயனிகள் மணியின் உள்ளே போய்த் திரும்ப அவகாசம் வேண்டும்.

படி 4: அலசல்
முதலில் 50 லிட்டர், உப்புக் கரைசல் போன அதே வேகத்தில். பிறகு வேகமாக, உப்புச் சுவை போகும்வரை. கிட்டில் சோதித்துப் பாருங்கள்: எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைச் சேர்த்ததும் நீலமாக இருந்தால் சரி. ஒயின் சிவப்பு வந்தால் கடினத்தன்மை மிச்சமிருக்கிறது.

சிவப்பு விடாமல் வந்தால் உப்புத் தொட்டியைப் பாருங்கள். மேலே உப்பு பாளமாகி, அடியில் உள்ள நீரில் கரையாமல் நிற்கலாம். அங்கே கோளாறு இல்லை, ஆனால் மணிகள் துருநிறமாக இருக்கின்றன என்றால் இரும்பு படிந்திருக்கிறது. அது உப்பால் மட்டும் போகாது.