காரண-விளைவுக் கட்டுரை: இரண்டு கேள்விகள் போதும்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் "ஏன் அன்றைக்கு?" என்று கேளுங்கள். டிசம்பர் 1 அன்று கொட்டிய மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் உடனடிக் காரணங்கள். அடுத்து "ஏன் இவ்வளவு சேதம்?" என்று கேளுங்கள். ஆற்றோர ஆக்கிரமிப்பும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதும் அடிப்படைக் காரணங்கள்.

பலரும் சறுக்குவது இவற்றை இணைக்கும்போதுதான். "பள்ளிக்கரணை சுருங்கியதால் கோட்டூர்புரம் மூழ்கியது" என்று எழுதுகிறார்கள். கோட்டூர்புரத்துக்கு வந்தது அடையாற்று வெள்ளம். பள்ளிக்கரணைக்கு வடிவது வேளச்சேரிப் பக்கத்து நீர். ஆகவே தண்ணீர் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு படி விடுபட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். "ஆக்கிரமிப்பே வெள்ளத்துக்குக் காரணம்" என்றால், ஆக்கிரமிப்பு இல்லாவிட்டால் வெள்ளமே வந்திருக்காது என்று பொருளாகிவிடும். அவ்வளவு மழைக்கு அப்படிச் சொல்ல முடியாது. "ஆக்கிரமிப்பு நீர் வடிவதைத் தாமதப்படுத்தி, சேதத்தைக் கூட்டியது" என்று எழுதுங்கள்.