ஜெர்மனிக்கு வந்ததும் வாங்க வேண்டிய இரண்டு ஜோடி வீட்டுச் செருப்பு

நவம்பரில் ஜெர்மனி வந்து இறங்குகிறவர்கள் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாங்கிவிட்டு, வீட்டுக்குள் மட்டும் ஊரில் போலவே வெறுங்காலோடு நடப்பார்கள். இரண்டு நாளில் கால் விறைத்துப்போகும். ஹீட்டர் ஓடினாலும் டைல் மேல் நின்றால் சில்லென்றுதான் இருக்கும். மரத்தரையை விட டைல் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான்.

இங்கே இதற்கென்று ஹவுஸ்ஷூ என்று கடைகளில் தனியாகவே விற்பார்கள். எல்லோரும் செய்கிற தப்பு, ஒரே ஜோடி வாங்கி அதையே பாத்ரூமுக்கும் போட்டுக்கொண்டு போவது. என் முதல் குளிர்காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். உள்ளே பஞ்சு மாதிரி துணி வைத்த செருப்பு, ஓரத் தையல் வழியாகத் தண்ணீர் ஏறி இரண்டு நாளாகியும் காயவில்லை, ஈரமாக இருந்ததால் சூடும் தரவில்லை, சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் மேல் வைத்தேன், பசை இளகி அடிப்பாகம் முன்னாலிருந்து வாய் பிளந்துவிட்டது.

அதனால் இரண்டு ஜோடி. அறைகளுக்கு, கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணிச் செருப்பு வாங்குங்கள், அடியில் ரப்பர் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அடிப்பாகமும் ஃபெல்ட்டாகவே இருந்தால் டைலில் வழுக்கும். வீட்டுக்குள் படி இருந்தால் குதிகால் மூடியதுதான் சரி. தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நம் ஊர் 8 இங்கே ஏறக்குறைய 42.

பாத்ரூமுக்குத் துணியே இல்லாத, ஓட்டை உள்ள ரப்பர் அல்லது ஃபோம் செருப்பு போதும். இங்கே நிறைய வீடுகளில் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது, சிந்தினால் அங்கேயே நிற்கும், பிடிமானம் அவ்வளவு முக்கியம். வாங்கி வந்ததும் டைலை நனைத்து ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, செருப்பைக் கையில் மாட்டி அழுத்தித் தள்ளிப் பாருங்கள். சுலபமாகச் சறுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் ஏறி நின்று சோதிக்க வேண்டாம். நன்றாகப் பிடித்த செருப்பும் சில வாரத்தில் வழுக்க ஆரம்பித்தால், அடியிலுள்ள வரிகளில் சோப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் பிடிமானம் திரும்பும். தேய்த்தும் வழுக்கினால், வரியே தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

கம்பளி ஜோடியை அடிக்கடி துவைக்க வேண்டாம், உள்ளட்டையை எடுத்து ஜன்னலோரம் காற்றாட வையுங்கள். துவைப்பதற்கு முன் லேபிளைப் பாருங்கள். தொட்டிப் படத்துக்குள் 30 என்றிருந்தால் மெஷினில் கம்பளி புரோகிராம், அந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி மாதிரி கோடுகள் இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. 60 டிகிரியில் போட்டால் 42 வாங்கியது குழந்தைக்குத்தான் ஆகும். துவைத்த அப்புறம், உள்ளே பழைய துண்டை அடைத்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்துக் காயவிடுங்கள்.