வீட்டுப் போட்டோவில் ஓட்டுப் போர்டிகோ சேர்ப்பது: சுவரைத் தொடாமல், GIMP-இல்

மொட்டை மாடி வீட்டின் முன்னால் இரண்டு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரையோடு ஒரு போர்டிகோ வைத்தால் எப்படி இருக்கும் என்று என் சித்தப்பா கேட்டார். கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் படத்தில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். படங்களைத் திருத்த உதவும், செலவில்லாத GIMP மென்பொருள் போதும். அந்தப் போட்டோவை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. போனில் 0.5x வைத்து எடுக்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் நேர்கோடுகள் வளைந்துவிடும், பிறகு எந்தக் கணக்கும் ஒத்து வராது. தள்ளி நின்று சாதாரண 1x-இல், முன்சுவரோடு ஒரு பக்கச் சுவரும் தெரியும்படி எடுங்கள். நான் வீட்டின் இடது மூலைக்கு வெளியே நின்று எடுத்தேன். வெயில் இடது முன்பக்கத்திலிருந்து விழுந்தது. டேப் பிடித்து நாலு அளவும் எடுத்துக்கொண்டேன்: கதவின் உயரம் 7 அடி, அதன் இரு பக்க ஜன்னல்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே 10 அடி, வாசல்படி சுவரிலிருந்து 3 அடி நீட்டம், சன்ஷேடு 2 அடி நீட்டம்.

லேயர்கள். போட்டோவைத் திறந்ததும் Layers பெட்டியில் உள்ள பிரஷ் படத்தை அழுத்தி அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். இனி அதில் ஒரு புள்ளியும் மாறாது. அதன் மேல் நிழல், போர்டிகோ, கோடுகள் என்று மூன்று காலி லேயர்கள், கீழிருந்து மேலாக இந்த வரிசையிலேயே.

மறையும் புள்ளிகள். தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல, முன்சுவரின் கிடைக்கோடுகளை நீட்டினால் வலப்பக்கம் ஒரு புள்ளியில் சேரும். பக்கச் சுவரின் கோடுகள் இடப்பக்கம் சேரும். இவை பெரும்பாலும் படத்துக்கு வெளியே விழும் என்பதால் Image > Canvas Size போய் அகலத்தை மூன்று மடங்காக்கி, படத்தை நடுவில் வையுங்கள். கோடுகள் லேயரையும் Layer > Layer to Image Size கொடுத்துப் பெரிதாக்க வேண்டும். பிறகு பென்சிலால் ஒரு இடத்தில் கிளிக் செய்து, Shift-ஐ அழுத்தியபடி இன்னொரு இடத்தில் கிளிக் செய்தால் நேர்கோடு விழும். முன்சுவருக்கு மாடிக் கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பு ஒன்று, ஜன்னலின் அடிவிளிம்பு ஒன்று. பக்கச் சுவருக்கும் அப்படியே இரண்டு. சரியாக வந்ததற்கு அடையாளம், இரண்டு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதுதான் கேமரா பிடித்த உயரம்.

முகடு எங்கே வரும்? புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். முகப்பின் அகலத்தை ஸ்கேலால் அளந்து நடுவில் உச்சியை வைத்துவிடுவார்கள். சாய்வாகப் பார்க்கும்போது கிட்டத்துப் பாதி பெரிதாகவும் தூரத்துப் பாதி சிறிதாகவும் தெரிவதால், உண்மையான நடு அங்கே இருக்காது.

என் படத்தில் கதவு 560 பிக்சல் உயரம். 7 அடிக்கு 560 என்றால் அடிக்கு 80. கதவின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, தரையிலிருந்து 9 அடியில், அதாவது 720 பிக்சலில், பீம் மட்டத்தைக் குறித்தேன். 12 அடியில், 960 பிக்சலில், முகடு. போர்டிகோவை இரு ஜன்னல்களுக்கு நடுவே 10 அடி அகலத்தில் வைப்பதால், பாதி அகலமான 5 அடிக்கு 3 அடி ஏற்றம், சுமார் 31 டிகிரி சரிவு. மங்களூர் ஓட்டில் தண்ணீர் நிற்காமல் ஓட இது போதும். கைப்பிடிச்சுவரின் தலை 13 அடியில் இருக்கிறது. முகடு அதற்குக் கீழேயே சுவரில் முட்டுவதால் சுவரை எங்கேயும் வெட்ட வேண்டாம்.

அடுத்து, போர்டிகோவைச் சுவரிலிருந்து 6 அடி முன்னால் கொண்டுவருவது. வாசல்படியின் முன்விளிம்பு 3 அடியில் இருக்கிறதே, அதை இரட்டிப்பாக்கினால் போதும். போர்டிகோவின் ஒரு பக்கத்தில், சுவரிலும் படியின் விளிம்பிலும் ஒரே உயரத்துக்கு இரண்டு செங்குத்துக் கோடுகள் போடுங்கள். சுவர்க் கோட்டின் உச்சியிலிருந்து இரண்டாவது கோட்டின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அது தரைக்கோட்டைத் தொடும் இடம் 6 அடி. அங்கே முன்தூண். எதிர்த்தூணும் பீமும் மறையும் புள்ளிகளிலிருந்து தானாக வரும்.

இப்போது இரண்டு தூண்கள், பீம், தரை நான்கும் சேர்ந்த நாற்கரத்தில் மூலைவிட்டங்களைப் போடுங்கள். அவை வெட்டும் இடம்தான் உண்மையான நடு. அதன் வழியே செங்குத்துக் கோடு. இடது மறையும் புள்ளியிலிருந்து சுவரில் குறித்த 12 அடிப் புள்ளி வழியாக வரும் கோடு அந்தச் செங்குத்தை எங்கே வெட்டுகிறதோ, அதுவே முன் உச்சி. என் படத்தில் கண்ணால் பார்த்த நடுவுக்கும் இதற்கும் நன்றாகவே வித்தியாசம் இருந்தது.

நிறமும் ஓடும். Free Select கருவியால் மூலைகளைக் கிளிக் செய்து Enter தட்டி, நிறத்தை நிரப்புங்கள். நிறத்தை வெளியே தேட வேண்டாம். முன்முக்கோணத்துக்கு வெயில் படும் முன்சுவரிலிருந்தும், தூணின் இடப்பக்கத்துக்குப் பக்கச் சுவரிலிருந்தும் எடுங்கள். ஒரே திசை பார்க்கும் பரப்புகளுக்கு ஒரே வெளிச்சம்தான் கிடைக்கும்.

இடப்பக்கம் நின்று எடுத்த படத்தில் இடது சரிவு மட்டுமே தெரியும், வலது சரிவை வரையவே வேண்டாம். நேராக எடுத்த ஓட்டுக் கூரைப் படத்தை File > Open as Layers மூலம் கொண்டுவந்து, Perspective கருவியால் நான்கு மூலைகளையும் சரிவின் மூலைகளில் பொருத்துங்கள். சரிவின் நீளம் ஏறக்குறைய 6 அடி. ஒன்றின் மேல் ஒன்று ஏறியதுபோக ஒரு ஓடு சுமார் ஒரு அடி தெரியும். ஆகவே 6 வரிசைதான் வர வேண்டும். முதல் தடவை நான் 15 வரிசை வைத்துவிட்டேன், பொம்மை வீடு மாதிரி இருந்தது.

நிழல். போர்டிகோ ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால் குற்றம் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். அளவுக்குச் சன்ஷேடையே பாருங்கள். 2 அடி நீட்டத்துக்கு அதன் நிழல் சுவரில் 2.5 அடி கீழேயும் 1 அடி வலப்பக்கமும் விழுந்திருந்தது. போர்டிகோ 6 அடி, அதாவது மூன்று மடங்கு. அப்படியானால் 7.5 அடி கீழே, 3 அடி வலப்பக்கம். 9 அடியில் இருக்கும் பீமின் நிழல் தரைக்கு 1.5 அடி மேலே வரை இறங்கும். கதவு ஏறக்குறைய முழுவதும் நிழலுக்குள் போய்விடும். கூரை முக்கோணம் என்பதால் நிழலும் முக்கோணமாக இருக்கும் என்று தோன்றும். வெயில் கூரைச் சரிவைவிடச் செங்குத்தாக இறங்குவதால், சுவரில் சாய்ந்த நாற்கரம்தான் விழும். தூண்களின் நிழலையும் இதே கணக்கில் தரையில் போடுங்கள்.

நிழல் லேயரின் Mode-ஐ Multiply ஆக்குங்கள். கறுப்பு வேண்டாம். சன்ஷேடு நிழலின் நிறத்தை வெயில் சுவரின் நிறத்தால் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். என் படத்தில் சுவர் 230, 215, 180. நிழல் 120, 118, 112. விடை 133, 140, 159, சற்றே நீலம் கலந்த சாம்பல். இப்படிச் செய்தால் சுவரின் பூச்சும் விரிசலும் நிழலுக்குள் அப்படியே தெரியும். Gaussian Blur 3 கொடுத்தால் விளிம்பு இயல்பாகும். ஏற்கெனவே சன்ஷேடு நிழல் இருக்கும் இடத்தில் லேயர் மாஸ்க்கால் புது நிழலை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதவின் மேல் கன்னங்கரேலென்று ஒரு பட்டை நிற்கும்.

சுவர் மாறவில்லை என்று எப்படித் தெரியும்? கோடுகள் லேயரை மறைத்து, Crop கருவியால் பழைய அளவுக்கு வெட்டுங்கள். போட்டோ லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் Mode-ஐ Difference ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். போர்டிகோவும் அதன் நிழலும் மட்டும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். என் படத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு மினுங்கியது. கவனித்தால், பென்சில் கோடு ஒன்று தவறுதலாக நிழல் லேயரில் விழுந்திருந்தது. அழித்தேன். இந்தச் சோதனையை JPG-ஆக ஏற்றுமதி செய்வதற்கு முன்பே GIMP-இன் சொந்த XCF கோப்பில் செய்யுங்கள், JPG அழுத்தும்போது படம் முழுக்க எண்கள் கொஞ்சம் மாறும். பிறகு மேலே வைத்த நகலை நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.