வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டும் பணம் எங்கே போகிறது?

30 வருடக் கடனில் 5 வருடம் கட்டியாயிற்று, ஆறில் ஒரு பங்கு கழிந்திருக்கும் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக்கணக்கு.

பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு 300,000 ரிங்கிட் கடன், வருட வட்டி 4 விழுக்காடு, 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 1,432 ரிங்கிட் வரும். முதல் மாதம் வட்டி மட்டும் 1,000. அசலில் கழிவது மிச்சமுள்ள 432 தான். அடுத்த மாதம் நிலுவை அந்த அளவுக்குக் குறைந்திருப்பதால் வட்டி ஒன்றரை வெள்ளி போலக் குறையும், அது அசல் பக்கம் சேரும். இப்படியே ஊர்ந்து ஊர்ந்து, தவணையில் அசலின் பங்கு வட்டியை மிஞ்சுவதற்குப் பதின்மூன்றாவது வருடம் ஆகிவிடும். 5 வருடத்தில் ஏறக்குறைய 86,000 ரிங்கிட் கட்டியும் அசலில் கழிந்திருப்பது 28,700 அளவில்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வங்கி ஏமாற்றுகிறது என்று பொருமவேண்டாம். அதிகக் கடன் நிற்கும் காலத்தில் அதிக வட்டி, அவ்வளவுதான்.

அதனால்தான் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு மதிப்பு அதிகம். அந்த ஐந்தாவது வருட முடிவில் போனஸ் பணம் 10,000 ரிங்கிட்டை அசலில் கழித்து, தவணையை மாற்றாமல் கட்டி வந்தால், கடன் ஒன்றரை வருடம் முன்னதாக முடியும். வட்டியில் சுமார் 16,000 மிச்சம்.

ஆனால் பெரிய தவறு நடப்பதும் இங்கேதான். சாதாரணத் தவணைக் கடனாக இருந்தால், ஒன்றும் சொல்லாமல் ஆன்லைனில் போட்டுவிடும் கூடுதல் பணத்தைப் பல வங்கிகள் முன்பணமாகவே வைத்துக்கொள்ளும். அதாவது வரப்போகும் ஏழு மாதத் தவணைக்கான பணம். நிலுவை குறையாது, வட்டியும் பழையபடியே ஓடும். "அண்ணே, பணம்தான் உள்ளே போய்விட்டதே!" என்பார்கள். போனது உண்மை, போன இடம்தான் வேறு. அசலில் கழிக்கச் சொல்லி எழுத்து மூலம் கேட்கவேண்டும். சில வங்கிகள் முன்னறிவிப்பும் குறைந்தபட்சத் தொகையும் கேட்கும். நடப்புக் கணக்கோடு இணைந்த ஃபுல் ஃப்ளெக்ஸி கடனில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு.

அசலில் கழித்த பிறகு வங்கி தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்கலாம். கைக்கு லேசாக இருக்கட்டும் என்று தவணையைக் குறைத்தால் கடன் பழைய தேதியில்தான் முடியும், வட்டி மிச்சமும் சுருங்கும். சம்பளம் இழுபறியாக இருந்தாலொழிய, காலத்தைக் குறைப்பதே மேல் என்பது என் கட்சி.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் என்னும் கொள்கை வட்டி விகிதத்தைக் குறைக்கும்போதும் இதே கதைதான். 2025 ஜூலையில் அது 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆனது. அப்படிக் குறையும்போது புதிய தவணைக் கடிதம் வரும். பழைய தொகையையே தொடர்ந்து கட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் அந்த வித்தியாசமும் முன்பணமாகவே தேங்கி நிற்கலாம்.

அசலில் கழிந்ததா என்று தெரிந்துகொள்ள, அடுத்த ஸ்டேட்மெண்ட்டில் வட்டி வரியை மட்டும் பாருங்கள். 10,000 ரிங்கிட் கழிந்திருந்தால் வட்டி மாதத்துக்கு 33 ரிங்கிட் அளவில் சட்டென்று இறங்கியிருக்கும். வழக்கம்போல ஒன்றிரண்டு வெள்ளி மட்டும் இறங்கியிருந்தால், அன்றைக்கே கிளைக்குப் போய்க் கேளுங்கள்.