கண்காட்சி முடிந்தபின் எழுதும் முதல் மின்னஞ்சல்: புளிக்கறை கற்றுக்கொடுத்த முறை

காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தரைக்கல் பட்டறை ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தும் வேலையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். கணினியில் தட்டும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் நடந்த கட்டுமானப் பொருள் கண்காட்சி ஒன்றில் முதன்முறை அரங்கு எடுத்தபோது, திரும்பி வந்து கையிலிருந்த 62 முகவரி அட்டைகளுக்கும் ஒரே மடலை, 18 எம்.பி. எடையுள்ள விலைப்பட்டியலோடு, மறைநகலில் அனுப்பினேன். பதில் வந்தவை மூன்று. அவற்றில் ஒன்று, “நீங்கள் யார்?” என்று கேட்டது.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். மின்னஞ்சல் கணக்கு தொடங்குவது, படம் இணைப்பது ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று வைத்துக்கொண்டு, எனக்கு இடறிய இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதற்படி: அரங்கிலேயே குறித்துக்கொள்ளுதல்

மடலின் தரம் கண்காட்சி நடக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வந்தவர் அரங்கைவிட்டு நகர்ந்த உடனே, அடுத்தவர் வருவதற்குள், அவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தையாவது அவருடைய சொற்களிலேயே எழுதிவிட வேண்டும். “சமையலறை, கறை பற்றிக் கேட்டார்” என்று சுருக்கி எழுதினால் மூன்று நாள் கழித்து அது யாருக்கும் பொருந்தும். “புளித்தண்ணி கொட்டினா போகுமா?” என்று எழுதினால் அந்த முகமே நினைவுக்கு வரும்.

அட்டையின் பின்புறத்தில் எழுதலாம் என்று பலரும் சொல்வார்கள். பளபளப்பான அட்டைகளில் பந்துமுனைப் பேனா பிடிப்பதில்லை, மையும் அழிகிறது. கைபேசிச் செயலிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். தட்டச்சுச் செய்துகொண்டிருந்தால் எதிரில் நிற்பவர் நாம் வேறு யாருக்கோ செய்தி அனுப்புவதாக எண்ணுகிறார். என் தெரிவு ஒரு நோட்டும் ஸ்டேப்ளரும்தான். ஒரு பக்கத்துக்கு ஓர் அட்டை. அதன் கீழே நாள், நேரம், அவர் கையில் எடுத்த கல், கேட்ட கேள்வி, நான் சொன்ன விடை. கடைசியாகக் குறிப்பிட்ட அந்த விடையை எழுதாமல் விடாதீர்கள். அதன் பயன் பின்னால் விளங்கும்.

இந்தக் குறிப்பு இல்லாததால் ஒருமுறை, கானாடுகாத்தானில் பழைய வீட்டைச் செப்பனிடும் ஒருவருக்கு எழுத வேண்டியதை, பெங்களூரில் உணவகம் கட்டுபவருக்கு எழுதிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, பதிலும் எழுதவில்லை. தவறான நினைவோடு எழுதுவதைவிடப் பொதுவான மடலே மேல்.

இரண்டாம் படி: யாருக்கு எழுத வேண்டும் என்று பிரித்தல்

ஞாயிறு இரவு அரங்கைப் பிரித்துவிட்டு, திங்கள் பிற்பகல் பல்லவன் ரயிலில் காரைக்குடி திரும்பும்போது நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டேன். நான் ஏதேனும் வாக்குக் கொடுத்தவர்கள், குறிப்பிட்ட கேள்வி கேட்டவர்கள், அட்டையை மட்டும் கொடுத்தவர்கள் என்று மூன்று அடுக்கு. அந்த ஆண்டு வந்த 41 அட்டைகளில் முதல் இரண்டு அடுக்குகளில் 11 பேர்தான் தேறினார்கள். இங்கே விளக்கும் மடல் அவர்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் அடுக்கினருக்கு நினைவூட்ட எந்த உரையாடலும் இல்லை. இருந்ததுபோல் எழுதக் கூடாது.

செவ்வாய், புதன் இரு நாள் காலையிலும் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். ஒரு மடலுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒரு வாரம் தாண்டினால் அவர் பார்த்த மற்ற அரங்குகளோடு நம் அரங்கும் கலந்துவிடுகிறது.

மூன்றாம் படி: மடலை எழுதுதல்

கோயம்புத்தூரைச் சேர்ந்த கட்டட வடிவமைப்பாளர் ஒருவருக்கு எழுதியதை, அவர் பெயரை நீக்கிவிட்டு அப்படியே தருகிறேன்.

> பொருள்: சமையலறைக்கு ஆத்தங்குடிக் கல் – புளிக்கறை பற்றி நீங்கள் கேட்டது
>
> வணக்கம் மேடம்,
>
> சனிக்கிழமை மாலை நந்தம்பாக்கம் கண்காட்சியில் எங்கள் அரங்குக்கு வந்திருந்தீர்கள். பச்சைக் கரையிட்ட மஞ்சள் பூக்கல்லைக் கையில் எடுத்து, புளித்தண்ணீர் கொட்டினால் கறை போகுமா என்று கேட்டீர்கள். கோயம்புத்தூரில் நீங்கள் வடிவமைக்கும் வீட்டின் சமையலறைக்காக என்றும் சொன்னீர்கள்.
>
> “துடைத்தால் போய்விடும்” என்று அன்று நான் சொன்னது முழுமையான விடை அன்று. இது சுடாத சிமெண்டுக் கல் என்பதால், புளியோ எலுமிச்சையோ நெடுநேரம் தேங்கி நின்றால் மேற்பரப்பை அரித்துத் தடம் விடும். சீலர் பூசிய கல்லில் துடைப்பதற்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஆனால் அதுவும் முழுக் காப்பு அன்று.
>
> நீங்கள் எடுத்துப் பார்த்த அதே வடிவத்தில் சீலர் பூசியது ஒன்றும் பூசாதது ஒன்றும் அனுப்புகிறேன். நீங்களே புளித்தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். அனுப்ப வேண்டிய முகவரியையும் பின்கோடு எண்ணையும் இந்த மடலுக்குப் பதிலாக எழுதினால் போதும். கூரியர் செலவு எங்களுடையது.

கீழே என் பெயர், பட்டறையின் பெயர், கைபேசி எண். இணைப்பாக அந்தக் கல்லின் படம் ஒன்று, 300 கே.பி.க்குள். விலைப்பட்டியல் இல்லை.

பொருள் வரியில் “கண்காட்சியில் சந்தித்தது குறித்து” என்று எழுதினால், அதே வாரத்தில் அவருக்கு வரும் பத்து மடல்களில் நம்முடையதும் ஒன்றாகிவிடும். அவர் கேட்ட கேள்வியையே பொருளாக வைத்தால் யார் எழுதியது என்று தெரியாமலேயே திறந்துவிடுவார். முதல் பத்தியில் நாள், இடம், கையில் எடுத்த பொருள், கேட்ட கேள்வி ஆகிய நான்கும் வந்துவிட வேண்டும். நம் பட்டறையின் வரலாறு அங்கே வேண்டாம். “இரண்டு தலைமுறையாக” என்று தொடங்கும் வாக்கியத்தை நான் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

நினைவூட்டும்போது ஓர் எச்சரிக்கை தேவை. எங்கள் பக்கத்தில் பழைய வீடு என்றாலே பங்காளிகள் பலருக்கும் உரிமை இருக்கும். அரங்கில் நின்று பேசுகிறவர் அந்த மனத்தாங்கலையும் சேர்த்தே சொல்லிவிடுவார். அதை மடலில் தொடவே கூடாது. நீங்கள் எழுதுவதை அவர் தம் பொறியாளருக்கோ வீட்டு உரிமையாளருக்கோ முன்னனுப்புவார் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள். அரங்குக்கே வராத அந்த மூன்றாம் ஆள் படித்தாலும் செய்தி விளங்க வேண்டும், யாருக்கும் சங்கடம் நேரக் கூடாது.

நான் நெடுநாள் இடறிய இடம்: அடுத்த அடி ஒன்றே ஒன்று

தொடக்கத்தில் மடலின் முடிவில், “பட்டறைக்கு ஒருமுறை வாருங்கள், அல்லது தொலைபேசியில் பேசலாம், மாதிரியும் அனுப்ப முடியும், விலைப்பட்டியலை இணைத்துள்ளேன்” என்று நான்கையும் அடுக்கினேன். தாராளமாக இருப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு. படிப்பவரோ நான்கில் எது தமக்கு ஏற்றது என்று யோசிக்க வேண்டியிருந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்துவிட்டார். சித்தப்பா அந்த மடலைப் படித்துவிட்டு, “ஏப்பா, இதுல அவங்க இப்ப என்னதான் செய்யணும்?” என்று கேட்டார். என்னிடம் ஒரே சொல்லில் விடை இல்லை.

அன்றிலிருந்து அடுத்த அடியை இரு வழிகளில் சோதிக்கிறேன். முதலாவது, அது அவர் கேட்ட கேள்வியிலிருந்தே பிறக்க வேண்டும். கறையைப் பற்றிக் கேட்டவரைப் பட்டறைக்கு அழைப்பது கேள்விக்கு விடை ஆகாது. இரண்டாவது, கைபேசியில் ஒற்றை வரியில் அவர் பதில் எழுதிவிட முடிய வேண்டும். முகவரி கேட்பது அப்படிப்பட்டது. “உங்கள் கருத்தை அறிய ஆவலாக உள்ளேன்” என்பது அப்படிப்பட்டது அன்று. என்ன கருத்து, எதைப் பற்றி என்று அவர்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அரங்கில் சொன்ன விடையையும் குறித்துவைக்கச் சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவசரத்தில் சொன்ன அரைகுறை விடையை முழுமையாக்குவதே மறுபடி எழுதுவதற்கு நேர்மையான காரணமாகிவிடுகிறது. சித்தப்பாவுக்கு முதலில் இதில் உடன்பாடு இல்லை. விற்க வேண்டிய கல்லின் குறையை நாமே எழுதுவதா என்றார். மடல் அனுப்பிய மறுநாளே கோயம்புத்தூர் வடிவமைப்பாளரிடமிருந்து முகவரி வந்தது. எட்டங்குலக் கல் இரண்டும் மூன்று கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், நடுவில் தாள் வைத்து, பூ முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டி அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அவர் எழுதினார்: பூசாத கல்லில் தடம் விழுந்தது, பூசியதிலும் ஓர் இரவு விட்டபோது லேசாக மங்கியது, ஆகவே சமையலறைக்கு வேண்டாம், கூடத்துக்கும் பூசை அறைக்கும் அளவு அனுப்புகிறேன்.

அனுப்புவதற்கு முன்

உங்களுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பி, கைபேசியில் திறந்து பாருங்கள். முதல் பத்தி முழுவதும் திரையில் தெரிய வேண்டும். மடல் ஸ்பேமுக்குப் போகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். பட்டறையின் சொந்தத் தளப் பெயரில் முகவரி வைத்திருப்பவர்கள், கணினியில் ஜிமெயிலில் அந்த மடலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் `Show original` என்பதை அழுத்தி, உங்கள் தளப் பெயரில் அனுப்ப அந்தச் சேவைக்கு அனுமதி உண்டா என்று காட்டும் `SPF` என்பதற்கு எதிரே `PASS` என்று இருக்கிறதா என்று பார்க்கவும். `FAIL` என்று இருந்தால் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; அதுவரை சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்புவது நல்லது.

பின்சேர்க்கை 1: கண்டாங்கிச் சேலை விற்கும் வாசகி ஒருவர், தம்மால் மாதிரிச் சேலையை இலவசமாக அனுப்ப முடியாதே என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். உண்மைதான், மாதிரி என்பது என் பொருளுக்கு ஒத்துவந்த அடி. அவரிடம் வந்த கடைக்காரர் “கரையின் அரக்கு நிறம் வெயிலில் எப்படித் தெரியும்?” என்று கேட்டிருந்ததால், பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடக் காணொளி அழைப்பு, வியாழன் 11 மணி அல்லது வெள்ளி 11 மணி, எது வசதி என்று மட்டும் கேட்கச் சொன்னேன். நேரம் இரண்டு என்றாலும் அடி ஒன்றுதான்.

பின்சேர்க்கை 2: பதில் வராவிட்டால் எத்தனை முறை நினைவூட்டலாம் என்று பலர் கேட்டுள்ளீர்கள். நான் ஒரே முறைதான் செய்கிறேன்: எட்டாம் நாள், அதே மடலுக்குக் கீழேயே, “கல் இரண்டும் கட்டித் தயாராக உள்ளன, முகவரி வந்தால் அன்றே அனுப்பிவிடுவேன்” என்று. அந்த 11 பேரில் அப்போதும் மௌனமாக இருந்தவர்கள் நால்வர். அவர்களுடைய பக்கங்களை நோட்டில் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு அரங்கு எண் கிடைத்ததும் அதை மட்டும் எழுதி அனுப்புவேன்.